ஒரே பேட்ச், இரண்டு தேதி

கடலூரில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. இடையில் மாநில எல்லை வருவதும் போவதும் பயணிக்குத் தெரியாது. மருந்துக்கு மட்டும் அந்த எல்லை உண்டு. இந்தப் பக்கம் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அந்தப் பக்கம் புதுச்சேரியின் துறை, தனித்தனி உரிமங்கள், தனித்தனி ஆய்வாளர்கள். 2025 இறுதியில், அந்த எல்லைக்கு அப்பால் போலி மாத்திரை தயாரித்த கூடங்களையும் கிடங்குகளையும் புதுச்சேரி சி.பி.சி.ஐ.டி. போலீசார் கண்டுபிடித்துச் சீல் வைத்தார்கள். தங்கள் பெயரில் போலி மருந்து சந்தையில் ஓடுகிறது என்று சன் பார்மா நிறுவனம் கொடுத்த புகாரே தொடக்கம். நோயாளி யாரும் கண்டுபிடித்ததல்ல.

அந்தச் செய்தி வந்த வாரங்களில் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் நான்கு வீதிகள் வரை மருந்துக் கடைகளில் கேட்கப்பட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான். "இது ஒரிஜினல்தானே?" கடைக்காரரும் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஒரிஜினல்தாங்க" என்றுதான் சொல்லியிருப்பார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும், என்ன தெரியாது? நம் வீட்டு மாத்திரை அட்டையில் நான்கு சாட்சிகள் உண்டு. பேட்ச் எண், காலாவதித் தேதியின் அச்சு, ஃபாயில் மேல் விழுந்திருக்கும் கட்டம், அட்டை வந்த பெட்டி. நான்கும் ஒரே குற்றத்தைக் காட்டிக்கொடுப்பவை அல்ல. எது எதைக் காட்டும் என்று தெரியாமல் ஒப்பிடத் தொடங்கினால் நல்ல மருந்தைப் போலி என்று குப்பையில் போடுவதும் நடக்கும்.

முகவரியிலிருந்து தொடங்குங்கள்

சிதம்பரத்தில் இருக்கும் ஓர் அம்மா பல வருடமாக ஒரே பிராண்ட் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக மேல வீதியில் வாங்குவது. இந்த மாதம் மகன் கடலூரில் வாங்கி வந்துவிட்டான். பழைய அட்டையின் பின்பக்க ஃபாயிலில் சிறு சிறு வைரக் கட்டங்கள். புது அட்டையில் நெருக்கமான புள்ளிகள். பழையதில் பேட்ச் எண் கறுப்பு மையில், புதியதில் மையே இல்லாமல் ஓரத்தில் அழுத்திப் பதித்திருக்கிறது. அம்மாவுக்குச் சந்தேகம் வருகிறது. நியாயமான சந்தேகம்தான்.

ஆனால் ஒப்பிடத் தொடங்கும் முன் பார்க்கவேண்டியது பொடி எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளர் முகவரியும் தயாரிப்பு உரிம எண்ணும். பெரிய நிறுவனங்கள் ஒரே பிராண்டைச் சிக்கிமில் ஒரு ஆலையிலும் இமாசலப் பிரதேசத்தில் இன்னொரு ஆலையிலும் செய்வது சாதாரணம். வேறொரு கம்பெனிக்கு வேலையை ஒப்படைத்து, பெயரை மட்டும் தங்களுடையதாகப் போட்டு விற்பதும் உண்டு. ஆலை மாறினால் இயந்திரம் மாறும். இயந்திரம் மாறினால் கட்டமும் மாறும், எண் பதிக்கும் முறையும் மாறும். முகவரியும் உரிம எண்ணும் வேறாக இருக்கும் இரண்டு அட்டைகளை எதிரெதிரே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. அந்த அம்மாவின் இரண்டு அட்டைகளும் வேறு வேறு ஆலையினுடையவை என்றால், கட்டம் மாறியது எதையும் நிரூபிக்கவில்லை.

ஃபாயில் கட்டம் என்பது என்ன? குழியில் மாத்திரை விழுந்த பிளாஸ்டிக் தாளின் மேல் அலுமினியத் தாளை வைத்து, சூடான உலோகத் தட்டாலோ உருளையாலோ அழுத்தி ஒட்டுகிறார்கள். அந்தத் தட்டில் வெட்டியிருக்கும் கோடுகளோ புள்ளிகளோ ஃபாயிலில் பதிகின்றன. அழகுக்காக வைத்ததல்ல, காற்றும் ஈரமும் புகாமல் ஒட்டு பிடிக்க வேண்டும் என்பதற்காக. தட்டு தேய்ந்தால் கட்டம் மங்கும், நல்ல ஆலையிலும்கூட. எனவே கட்டத்தில் பார்க்கவேண்டியது அதன் வடிவத்தை மட்டுமல்ல, சீரை. அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் படும் கோணத்தில் தெரியும். ஒரு மூலையில் ஆழமாகவும் மறு மூலையில் வழவழவென்றும் இருந்தால் அழுத்தம் சமமாக விழவில்லை. குழிகளைச் சுற்றிச் சுருக்கங்கள், ஓரத்தில் நகத்தால் நெருடினாலே பிரியும் ஒட்டு, இவை இருந்தால் அந்த ஒட்டு பழுது. போலி என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஈரம் புகுந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. அதைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம்.

தேதிகள் பேசும் கணக்கு

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். இரண்டு அட்டையிலும் அதே முகவரி, அதே உரிம எண். அதோடு பேட்ச் எண்ணும் ஒன்றே. பழைய அட்டையில் தயாரிப்பு 06/2025, காலாவதி 05/2027. புது அட்டையில் தயாரிப்பு 06/2025, காலாவதி 05/2028.

இங்கே உருப்பெருக்கிக் கண்ணாடி தேவையில்லை. பேட்ச் என்பது ஒரே கலவையிலிருந்து, ஒரே ஓட்டத்தில் அடித்து எடுத்த மாத்திரைகளின் கூட்டம். லட்சக்கணக்கில் இருக்கலாம். ஒரு பேட்சுக்குத் தயாரிப்புத் தேதியும் ஒன்றுதான், காலாவதியும் ஒன்றுதான். ஒரே பேட்சில் இரண்டு தேதி இருந்தால் இரண்டில் ஒன்று பொய், அல்லது ஆலையிலேயே பெரிய பிழை. எதுவானாலும் புகார் கொடுக்க அதுவே போதும்.

பேட்ச் எண் வேறாக இருந்தாலும் தேதிகளை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு மருந்து எத்தனை மாதம் கெடாது என்று நிறுவனம் சோதித்து ஒரு ஆயுள் குறிக்கிறது. பெரும்பாலான மாத்திரைகளுக்கு 24 மாதம் அல்லது 36 மாதம். ஒரே பிராண்ட், ஒரே ஆலை என்றால் அந்த இடைவெளி எல்லா பேட்சிலும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். எப்போதும் இரண்டு வருடம் என்று வரும் மாத்திரை திடீரென்று நான்கு வருடம் காட்டினால் தேதியில் யாரோ கை வைத்திருக்கலாம்.

கை வைப்பது நடக்காத கதையல்ல. 2010 மார்ச்சில் சென்னையில் வெடித்த விவகாரம் நினைவிருக்கும். காலாவதியாகிக் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போன மருந்துகளைப் பொறுக்கி, தேதியை மாற்றி, மறுபடி கடைகளுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டது. அந்த வழக்கின் விசித்திரம் இதுதான்: அந்த மருந்தில் ஏறக்குறைய எல்லாமே அசல். அசல் நிறுவனத்தின் மாத்திரை, அசல் ஃபாயில், அசல் கட்டம். பொய் சொன்னது தேதி.

அப்படிப்பட்ட குற்றத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடியது அச்சு. அட்டையில் இருக்கும் மற்ற எழுத்துகளெல்லாம் ஃபாயில் ஆலைக்கு வருவதற்கு முன்பே அச்சாகிவிட்டவை, மேலே மெல்லிய பூச்சும் உண்டு. பேட்ச் எண்ணும் தேதியும் மட்டும் மாத்திரை அடைக்கும்போது கடைசியாக விழுபவை. ரப்பர் அச்சாலோ, மை தெளிக்கும் இயந்திரத்தாலோ அடிப்பார்கள். மையில் அடித்த தேதியைத் தின்னர் போன்ற கரைப்பானால் துடைக்கலாம். ஆனால் துடைத்தால் அடியில் இருக்கும் பூச்சும் கூடவே தேயும். அந்த இடம் மட்டும் மங்கலாக, அல்லது அளவுக்கு மீறிப் பளபளப்பாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் முன்பே அச்சான எழுத்தின் விளிம்பு கரைந்திருக்கும். தயாரிப்புத் தேதியின் எழுத்துக்கும் காலாவதித் தேதியின் எழுத்துக்கும் உயரம், தடிமன், மையின் கறுப்பு எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே அடியில் விழுந்தவை. ஒன்று நேராக நிற்க, மற்றது கொஞ்சம் சாய்ந்திருந்தால் இரண்டு முறை அடித்திருக்கிறார்கள்.

மையே இல்லாமல் உலோக அச்சால் அழுத்திப் பதித்த தேதியை அழிப்பது கடினம். முன்பக்கம் பள்ளமாக, பின்பக்கம் மேடாக விரலுக்குத் தெரியும். அதனால்தான் வாசிக்கச் சிரமமாக இருந்தாலும் பதித்த எண் உள்ள அட்டையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. முதியவர்களுக்கு அது கண்ணுக்கே தெரிவதில்லை என்பது வேறு குறை. அதைப் பற்றி மருந்துக் கம்பெனிகளுக்கு இன்னும் கவலை வரவில்லை.

மை விரலில் ஒட்டினாலே போலி என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ஃபாயில் மேல் மை நன்றாகப் பிடிக்காமல் போவது உண்மையான ஆலையிலும் நடக்கும். கைப்பையில் உரசி உரசித் தேதி பாதி போன நல்ல அட்டைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. விலை மாறியிருப்பதும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அட்டையில் பழைய விலையும் பில்லில் புது விலையும் இருந்தால் அதில் மோசடி தேட வேண்டாம்.

பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்

பத்து அட்டை, ஒரு பெட்டி. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து அட்டையைத் தருவார், அதிலும் நான்கு மாத்திரையை வெட்டித் தருவார். பெட்டியை நாம் பார்ப்பதே இல்லை. வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள ஓரம் கடையிலேயே தங்கிவிடும். நம் கையில் இருப்பது பெயரில்லாத நான்கு மாத்திரை. அதை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது. நாள்பட்ட நோய்க்கு மாதா மாதம் வாங்குபவர்கள் முழு அட்டையாகவே கேட்கலாம். சந்தேகம் வந்தால் பெட்டியையும் ஒரு நிமிடம் காட்டச் சொல்லலாம். நியாயமான கடைக்காரர் மறுக்கமாட்டார்.

பெட்டியில் முதலில் பார்ப்பது, அதன் மூடியில் அடித்திருக்கும் பேட்ச் எண்ணும் உள்ளே இருக்கும் அட்டைகளின் எண்ணும் ஒன்றா என்பதை. பத்து அட்டையும் ஒரே எண்ணா? கலந்திருந்தால், அவசரத்தில் கடைப் பையன் மிச்ச அட்டைகளை ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கலாம். அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். பிரிக்காத பெட்டிக்குள் கலந்திருந்தால் அது வேறு கதை.

அடுத்து அச்சு. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துபவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துக் கண நேரத்தில் சொல்லிவிடுவார். நிறுவனத்தின் சின்னத்துக்கென்று ஒரு நிறத்தைக் கலந்து தனி மையாக அடித்தால், கண்ணாடிக்கு அடியில் அந்த நிறம் முழுதாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும். அசல் பெட்டியை ஸ்கேன் செய்து நகலெடுத்தவன் அதே நிறத்தை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாக அடித்துத்தான் வரவழைக்கிறான். கண்ணுக்கு ஒரே நிறம். கண்ணாடிக்குப் புள்ளிக் கோலம். பொடி எழுத்துகளின் விளிம்பும் நகலில் கரகரவென்று இருக்கும். கண்ணாடி இல்லாவிட்டால் இப்போதைய கைபேசிகளின் நெருக்கப் படமே போதும். ஒரு நிபந்தனை: அசல் பெட்டியும் அப்படித் தனி மையில் அடித்ததாக இருக்கவேண்டும். எல்லாம் அப்படி இல்லை. எனவே நம்பகமான இடத்தில் வாங்கிய இன்னொரு பெட்டியை அருகில் வைக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பெட்டியின் மடிப்புக்குள் இன்னொரு குறி இருக்கும். அதிகம் பேர் கவனிப்பதில்லை. தடித்ததும் மெலிந்ததுமாகச் சில கோடுகள். கடையில் விலை போடும் பார்கோடு அல்ல. தவறான பெட்டி இயந்திரத்துக்குள் போய்விடாமல் இருக்க ஆலைக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. ஒரே ஆலை, ஒரே அளவு மருந்து, ஒரே வடிவமைப்பு என்றால் அந்தக் கோடுகளின் வரிசையும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

நகலெடுப்பவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்குத் தென்கிழக்கு ஆசியாவின் மலேரியா மாத்திரை ஒரு பாடம். சீனாவின் குயிலின் நிறுவனம் தன் ஆர்டிசுனேட் பெட்டியில் ஹோலோகிராம் ஒட்டியது. போலிக்காரர்களும் ஹோலோகிராம் ஒட்டினார்கள். 2008இல் வெளியான ஆய்வொன்றில் பால் நியூட்டன் குழுவினர் வியட்நாம், கம்போடியா, லாவோஸ், மியான்மர் உள்ளிட்ட இடங்களிலிருந்து வந்த 391 மாதிரிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 195இல் மருந்து இல்லை, அல்லது பெயரளவுக்கு இருந்தது. போலி ஹோலோகிராம்களைக் கவனமாகப் பிரித்துப் பார்த்து வகை வகையாக அடுக்கினார்கள். அந்த வேலையும், மாத்திரைத் தூளில் சிக்கியிருந்த மகரந்தமும் சுண்ணத் தாதும் சேர்ந்துதான் தென்சீனாவை நோக்கிக் கை காட்டின. பளபளக்கும் ஒட்டி இருக்கிறதே என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். ஒட்டியை அசலோடு வைத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊர் க்யூ.ஆர். கோடுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2023 ஆகஸ்ட் 1 முதல் டோலோ, கால்பால், தைரோநார்ம், ஷெல்கால், அலெக்ரா உட்பட 300 பிராண்டுகளின் மேல் பார்கோடோ க்யூ.ஆர். கோடோ இருக்கவேண்டும் என்பது விதி. கைபேசியைக் காட்டினால் பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச், இரண்டு தேதிகள், உரிம எண் எல்லாம் வரும். விதி கேட்பது இந்த விவரங்களைத்தான். ஒவ்வொரு அட்டைக்கும் தனி எண் வேண்டும் என்று அது சொல்லவில்லை. அப்படியிருக்க, அசல் அட்டை ஒன்றின் கோடைப் படமெடுத்து ஆயிரம் அட்டையில் அடித்தால் ஆயிரமும் திறக்கும். எனவே கோடு திறக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது. திரையில் வரும் பேட்ச் எண்ணும் தேதியும் அட்டையில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். சோம்பேறிப் போலிக்காரர் அங்கேதான் சிக்குவார்: கோடு ஒரு பேட்ச் சொல்லும், மை வேறு பேட்ச் சொல்லும்.

நான்கில் பலமான சாட்சி

கெட்டிக்காரப் போலிக்காரரை என்ன செய்வது? அச்சு சரி, கட்டம் சரி, பெட்டி சரி, தேதிக் கணக்கும் சரி. அப்போதும் மிச்சமிருப்பது பேட்ச் எண். அதை நாம் பார்ப்பதில் பயனில்லை, தயாரிப்பாளர் பார்க்கவேண்டும். எந்தப் பேட்ச் தன் ஆலையில் ஓடியது என்ற பதிவு அவரிடம் இருக்கிறது.

2024 செப்டம்பரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் மாதப் பட்டியலில் பிரபலமான சில பெயர்கள் வந்தபோது நடந்தது அதுதான். வயிற்று எரிச்சலுக்கான பான்டோசிட் மாத்திரையின் SID2041A என்ற பேட்ச் அதில் ஒன்று. விசாரித்ததில் அந்தப் பேட்ச் போலி என்று தெரிந்ததாகச் சன் பார்மா அறிவித்தது. அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் கையில் இருந்ததும் பெட்டியும் ஃபாயிலும் உள்ள அட்டைதான். அது போலி என்பதைக் காட்டிக்கொடுத்தது அந்த எண்.

எண்ணுக்கு இன்னொரு பயணமும் உண்டு, பில் வழியாக. மொத்த வியாபாரியிடம் கடைக்காரர் வாங்கிய பில்லில் பேட்ச் எண் இருக்கும். நமக்குத் தரும் பில்லிலும் இருக்கவேண்டும். மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்தால் அலமாரியில் இருக்கும் அட்டையின் எண்ணைக் கொள்முதல் பில்லில் தேடுவார். அங்கே இல்லாத எண் அலமாரியில் இருந்தால் அந்த மருந்து பின்வாசல் வழியாக வந்தது. யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டால் சொல்லவேண்டியது 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படி கடைக்காரரின் கடமை. உரிமம் உள்ளவரிடம் பில் போட்டு வாங்கி, ஒழுங்காகப் பாதுகாத்து, தகுந்த கவனத்தோடு பார்த்தும் தனக்குத் தெரியவில்லை என்று நிரூபித்தால் அதே சட்டம் அவருக்குப் பாதுகாப்பும் தருகிறது. வழக்கத்துக்கு மீறிய தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு பில் இல்லாமல் வாங்கியவருக்கு அந்தக் கதவு மூடப்பட்டுவிடும். சிதம்பரத்துக் கடைக்காரர் புதுச்சேரிச் சரக்கை எடுக்கும்போது யோசிக்கவேண்டியது தூரத்தைப் பற்றியல்ல, இந்தப் பில்லைப் பற்றி.

நாமும் பில் கேட்பதில்லை. இருபது ரூபாய் மருந்துக்கு எதற்குப் பில் என்று நினைக்கிறோம். பில் இல்லாமல் வாங்கிய அட்டையில் என்ன குறை கண்டுபிடித்தாலும் "எங்கள் கடையில் வாங்கினதில்லை" என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

இவ்வளவும் உறையைப் பற்றிய பேச்சு. உறை உண்மையாகவே இருந்து, உள்ளே இருப்பது விஷமாக இருந்தால்? 2025 அக்டோபரில் அதையும் தமிழ்நாடு பார்த்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உரிமத்தோடு இயங்கிய ஆலையின் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். SR-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது. லேபிள் அந்த ஆலையினுடையதே, பேட்ச் எண்ணும் ஆலை போட்டதே. இந்தக் கட்டுரையில் சொன்ன எந்த ஒப்பீடும் அந்தப் பாட்டிலில் தோற்றிருக்கும். பேட்ச் எண் இருந்ததால்தான் எந்தப் பாட்டிலைத் தொடக்கூடாது என்றாவது ஊருக்குச் சொல்ல முடிந்தது.

ஆகவே, அந்த அம்மாவின் அட்டையில் தேதி இடிக்கிறது என்று தெரிந்தால் செய்யவேண்டியது இது. அட்டையைத் தூக்கி எறியக்கூடாது, மிச்சமிருக்கும் மாத்திரையைப் பிரிக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் படமெடுத்து, பில்லோடு சேர்த்து வைத்து, அட்டையில் முகவரி போட்டிருக்கும் நிறுவனத்துக்கு எண்ணைச் சொல்லிக் கேட்கவேண்டும். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். அவர் கடையிலிருந்து முறைப்படி மாதிரி எடுத்து அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பினால்தான் வழக்கு நிற்கும். வீட்டில் பிரித்த அட்டை நீதிமன்றத்தில் பேசாது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவில் பொதுமக்களே கட்டணம் கட்டித் தாங்கள் வாங்கிய மருந்தைச் சோதிக்கக் கொடுக்கவும் வழி இருக்கிறது. மிகக் குறைவானவர்களே பயன்படுத்தும் வழி என்று நினைக்கிறேன்.

அரசுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர விதி கொடுத்திருக்கும் அவகாசம் 60 நாள். ரத்த அழுத்தக்காரர் அதுவரை மாத்திரையில்லாமல் இருக்க முடியாது. சந்தேகப்பட்ட அட்டையை ஒதுக்கிவிட்டு, அதே நாளில் வேறு கடையில், வேறு பேட்சில், பில்லோடு ஒரு முழு அட்டை வாங்கிக்கொள்ளவேண்டும். கடந்த சில வாரம் சாப்பிட்டது எந்த அட்டை என்பதையும் மருத்துவரிடம் சொல்லி அழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லவேண்டும். மருந்து கேட்கவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டிவிட்டு, அடுத்த மாதம் அசல் மாத்திரை அந்தக் கூட்டிய அளவில் வயிற்றுக்குள் போனால், அழுத்தம் திடீரென்று இறங்கித் தலை சுற்றி விழுவது அந்த அம்மாதான்.